பில் ஒன்று சொல்கிறது, டிசி ஒன்று சொல்கிறது: சப்ளையருக்கு மெயில் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்முதலிலும் கணக்கிலும் புதிதாக உட்காருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப் வாங்குகிறது. 48 மி.மீ. டேப் பெட்டிக்கு 72 ரோல், ரோல் 38 ரூபாய். 72 மி.மீ. டேப் பெட்டிக்கு 48 ரோல், ரோல் 57 ரூபாய். வரி 18 சதவீதம். நவம்பர் 2025-இல் மூன்று டெலிவரி சலானில், அதாவது டிசியில், சரக்கு வந்தது. மூன்றுக்கும் சேர்த்து 22ஆம் தேதி 472ஆம் எண் பில் வந்தது, தொகை 1,14,611 ரூபாய். இறங்கிய சரக்குக்குக் கணக்குப் போட்டால் 1,03,311 ரூபாய்தான் வருகிறது.

போன்ல சொன்னா உடனே சரி பண்ணிக் குடுத்துடுவாங்களே, மெயில் எதுக்கு?

போனில் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் பில் போட்டவர் ஒருவர், போன் எடுப்பவர் இன்னொருவர். "பாத்துச் சொல்றேங்க" என்று வைத்த பிறகு அவர் கையில் ஒரு எண்கூட இருக்காது. மாதக் கடைசியில் அவர்களுடைய பாக்கிப் பட்டியலில் அதே 1,14,611 வந்து நிற்கும். போனில் பேசிவிட்டு "சற்று முன் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுவதே நல்ல வழக்கம்.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. சப்ளையர் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கை ஏற்பதில் ஆட்சேபம் இருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் அதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது 2006-இன் எம்எஸ்எம்இ சட்டம். அப்படிச் சொல்லியிருந்தால், சப்ளையர் அதைத் தீர்த்துவைத்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். இந்தச் சட்டத்தில் போனில் சொன்னது ஆட்சேபமாகாது. அதற்காக, பில்லில் இருக்கிற வெறும் கூட்டல் பிழையைக் காட்டி கெடுவைத் தள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சரக்கு குறைந்து வந்ததற்கும் பில்லில் தப்பாகப் பெருக்கியதற்கும் வித்தியாசம் உண்டு.

மெயில் அடிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வெச்சுக்கணும்?

பில், அதில் குறிப்பிட்டிருக்கிற டிசிகள் எல்லாம், சரக்கு இறங்கியதற்கு நீங்கள் போடுகிற ஜிஆர்என் அல்லது இன்வார்டு நோட்டு, நீங்கள் கொடுத்த கொள்முதல் ஆர்டரான பிஓ. இந்த நான்கும் மேசையில் இல்லாமல் தொடங்காதீர்கள். பிஓ எதற்கு என்று கேட்கலாம். தொகை ஒத்து வராததற்கு அளவு காரணமா, ரேட் காரணமா என்று பிஓ பார்த்தால்தான் தெரியும். 38 ரூபாய் பேசியதை 39 என்று போட்டிருந்தால் அது வேறு சண்டை, அதற்கு வேறு மெயில்.

அடுத்து, பில்லில் சொன்ன டிசிகளும் உங்களிடம் இருக்கிற டிசிகளும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு டிசி உங்கள் கோப்பிலேயே விட்டுப் போயிருக்கலாம், செக்யூரிட்டி அறையில் ஆணியில் குத்தப்பட்டுத் தொங்கிக் கொண்டிருக்கலாம். "நீங்கள் அதிகமாகப் பில் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதிய மறுநாள் அந்த டிசி கிடைத்தால், அடுத்த முறை நீங்கள் எழுதுகிற மெயிலுக்கு மரியாதை இருக்காது.

டிசியில் எழுதியிருக்கிற அளவைச் சொல்றதா, நாங்க எண்ணி இறக்கின அளவைச் சொல்றதா?

இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நம் உதாரணத்தில் 12ஆம் தேதி வந்த 131ஆம் எண் டிசியில் 48 மி.மீ. டேப் 10 பெட்டி என்று அச்சாகியிருந்தது. வண்டியில் இருந்தது 9. ஸ்டோர்காரர் டிசியிலேயே "1 பெட்டி குறைவு, 9 மட்டும் பெறப்பட்டது" என்று எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஆக டிசி அளவு 720 ரோல், வந்த அளவு 648 ரோல். பில் 720-க்குப் போட்டிருக்கிறார்கள். அச்சடித்த டிசியை மட்டும் பார்த்தால் இந்த வரியில் தப்பே தெரியாது.

அதே டிசியில் 72 மி.மீ. டேப் 5 பெட்டி. அது சரியாக வந்தது. ஐந்து பெட்டிக்கு 240 ரோல். பில்லில் 360 ரோல். இது பில்லுக்கும் டிசிக்கும் நேரடியான முரண். இதில் உங்கள் குறிப்போ கையெழுத்தோ தேவையில்லை, அவர்கள் போட்ட இரண்டு காகிதமே சாட்சி.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் "அளவு ஒத்து வரவில்லை" என்று எழுதிவிட்டால், முதலாவதைப் பற்றி வாக்குவாதம் வரும்போது இரண்டாவதும் சேர்ந்து இழுபடும்.

மொத்தத் தொகை வித்தியாசம் தெரியுது. எந்த வரியில் தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஜிஎஸ்டி வரியைக் கழித்துவிடுங்கள். பில்லின் மொத்தத்தில் ஜிஎஸ்டியும் ரவுண்ட் ஆஃபும் கலந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு அளவைத் தேட முடியாது. வரிக்கு முந்தைய தொகை பில்லில் 97,128. நம் கணக்கில் 87,552. வித்தியாசம் 9,576.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 9,576-ஐ 38-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 252 வருகிறது. உடனே "48 மி.மீ. டேப்பில் 252 ரோல் அதிகம்" என்று எழுதத் தோன்றும். ஆனால் 252 ரோல் என்றால் மூன்றரைப் பெட்டி. அரைப் பெட்டியை யாரும் அனுப்புவதில்லை. வகுத்து வருகிற எண் பெட்டிக் கணக்கில் முழுசாக நிற்கவில்லையென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட தப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அதனால் வரி வரியாகத்தான் போக வேண்டும். 48 மி.மீ.: டிசி 118-இல் 720, டிசி 131-இல் வந்தது 648, டிசி 146-இல் 576. கூட்டினால் 1,944. பில்லில் 2,016. அதிகம் 72 ரோல், சரியாக ஒரு பெட்டி, 2,736 ரூபாய். 72 மி.மீ.: வந்தது 240, பில்லில் 360. அதிகம் 120 ரோல், 6,840 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 9,576.

எப்படி இந்த மாதிரி தப்பு நடக்குது? காரணத்தையும் மெயிலில் சொல்லணுமா?

120 ரோல் எப்படி வந்தது என்பதைப் பெட்டிக் கணக்கே காட்டிக் கொடுக்கிறது. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72. 72 மி.மீ. டேப்பில் பெட்டிக்கு 48 ரோல், 48 மி.மீ. டேப்பில் பெட்டிக்கு 72 ரோல். ஒரே அளவுப் பெட்டிக்குள் அகலமான ரோல் குறைவாகத்தான் அடங்கும். பில் போட்டவர் அகலத்தை எண்ணிக்கையாக எடுத்திருக்கலாம், அல்லது பில்லிங் சாஃப்ட்வேரில் இரண்டு சரக்குக்கும் பெட்டிக்கு 72 என்று ஒரே மாதிரி பதிந்திருக்கலாம்.

காரணம் தெரிந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். "பெட்டிக்கு 48 ரோலுக்குப் பதில் 72 என்று கணக்கிடப்பட்டதாகத் தெரிகிறது" என்றால் போதும், அவர்கள் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். "உங்கள் ஆள் கவனமில்லாமல்" என்பது காரணமல்ல, குற்றச்சாட்டு.

சரிங்க, மெயிலை எப்படித்தான் எழுதறது? ஒரு மாதிரி குடுங்க.

மேலே சொன்ன கணக்கு எல்லாம் முடிந்த பிறகு எழுதினால் மெயில் இவ்வளவுதான். இதில் கேட்கிற கிரெடிட் நோட் என்பது, பில்லில் அதிகமாகப் போட்ட தொகையைக் குறைத்துச் சப்ளையர் தருகிற சீட்டு:

> பொருள்: பில் எண் 472 (22-11-2025): டிசி அளவுடன் வேறுபாடு, கிரெடிட் நோட் வேண்டி
>
> ஐயா, வணக்கம்.
>
> தங்கள் பில் எண் 472, நாள் 22-11-2025, தொகை ரூ. 1,14,611 கிடைத்தது. டிசி எண்கள் 118, 131, 146 ஆகியவற்றோடு ஒப்பிட்டதில் இரண்டு வரிகளில் வேறுபாடு உள்ளது.
>
> 1. டேப் 72 மி.மீ., டிசி 131: டிசியில் 5 பெட்டி, அதாவது 240 ரோல். பில்லில் 360 ரோல். அதிகம் 120 ரோல் × ரூ. 57 = ரூ. 6,840. பெட்டிக்கு 48 ரோலுக்குப் பதில் 72 என்று கணக்கிடப்பட்டதாகத் தெரிகிறது.
>
> 2. டேப் 48 மி.மீ., டிசி 131: டிசியில் 10 பெட்டி. இறக்கும்போது 9 பெட்டி மட்டுமே இருந்தது. டிசியில் குறிப்பு எழுதி ஓட்டுநர் கையெழுத்திட்டுள்ளார். பில்லில் 10 பெட்டிக்கும் தொகை உள்ளது. அதிகம் 72 ரோல் × ரூ. 38 = ரூ. 2,736.
>
> மொத்த வேறுபாடு ரூ. 9,576, ஜிஎஸ்டி 18% ரூ. 1,723.68, ஆக ரூ. 11,299.68. இத்தொகைக்குக் கிரெடிட் நோட் அனுப்பி வைக்கவும். டிசி 118, 146 இரண்டும் பில்லுடன் சரியாக உள்ளன.
>
> வேறுபாடு இல்லாத ரூ. 1,03,311 வழக்கமான தேதியில் அனுப்பப்படும். 1-12-2025-க்குள் கிரெடிட் நோட் கிடைத்தால் நவம்பர் கணக்கிலேயே முடித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: பில் 472, டிசி 131 (குறிப்புடன்), ஜிஆர்என் நகல்.

சரியாக இருக்கிற டிசிகளையும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் மூன்றையும் எடுத்து முதலிலிருந்து சரிபார்ப்பார்கள், பதில் ஒரு வாரம் தள்ளிப்போகும். கெடுத் தேதிக்குக் காரணம் சொல்லியிருப்பதும் அப்படித்தான். "உடனடியாக" என்று எழுதினால் யாரும் உடனே செய்வதில்லை.

சப்ஜெக்ட்ல "அவசரம்"னு போட்டா சீக்கிரம் பார்ப்பாங்களா? யாருக்கெல்லாம் அனுப்பணும்?

பில் எண்ணும் தேதியும் சப்ஜெக்டில் இருந்தால் போதும். ஒரு மாதம் கழித்து இரு தரப்பும் அந்த எண்ணைப் போட்டுத்தான் தேடுவார்கள். "அவசரம்" என்று தேடி எதுவும் கிடைக்காது.

சப்ளையரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, ஆர்டர் எடுக்கிற விற்பனைக்காரருக்கு நகல் போடுங்கள். கிரெடிட் நோட் போடுவது கணக்குப் பிரிவு, ஆனால் அவர்களைத் தட்டி எழுப்புவது விற்பனைக்காரர்தான், அடுத்த ஆர்டர் அவருக்குத்தானே வேண்டும். உங்கள் ஸ்டோருக்கும் ஒரு நகல். முதலாளிக்கு நகல் போடுவதை முதல் மெயிலிலேயே செய்ய வேண்டாம்.

ரொம்ப நாள் பழக்கம், அண்ணன்னுதான் கூப்பிடுவோம். "தப்பா போட்டிருக்கீங்க"ன்னு எழுதினா கோவிச்சுக்குவாரே?

போனில் அண்ணனாகவே இருக்கட்டும். மெயிலை ஆடிட்டரும் படிப்பார், அடுத்த வருடம் உங்கள் இடத்தில் உட்காரப் போகிறவரும் படிப்பார். அதில் "ஐயா" என்று எழுதினால் உறவு ஒன்றும் அறுந்துவிடாது.

யார் தப்பு என்பதை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் பாதிச் சூடு குறையும். "நீங்கள் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்பதற்குப் பதில் "பில்லில் 360, டிசியில் 240" என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். ஒரேயடியாகக் குழைந்தும் எழுத வேண்டாம். "தவறாக நினைக்க வேண்டாம், சிறிய விஷயம்தான்" என்று நாலு வரி சுற்றினால் 11,299.68 ரூபாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

பில்லைக் கேன்சல் பண்ணிப் புதுசு குடுங்கன்னு கேட்கலாமா? இல்ல கிரெடிட் நோட்டுதானா?

சப்ளையரின் விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அவர் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அதை அரசுத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அதற்குள்ளும் திருத்த முடியாது, முழுசாக ரத்து செய்துவிட்டுப் புது எண்ணில் போட வேண்டும். 22ஆம் தேதி சனிக்கிழமை போட்ட பில்லுக்குத் திங்கட்கிழமை மெயில் போனால் அந்த நேரம் தாண்டிவிட்டது. ஆகவே கிரெடிட் நோட்.

இ-இன்வாய்ஸ் இல்லாத சின்ன சப்ளையர் என்றால், அவர் தன் விற்பனைப் பில்களைக் காட்டுகிற அந்த மாத ஜிஎஸ்டிஆர் 1 தாக்கல் செய்யும் முன்பு பில்லை மாற்றித் தர முடியும். அப்படி மாற்றித் தந்தால் பழைய பில் செல்லாது என்று ஒரு வரி மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே எண்ணில் இரண்டு தொகையோடு இரண்டு பில் கோப்பில் இருப்பது, தப்பான பில் ஒன்று இருப்பதைவிட மோசம்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, 2025-26 நிதியாண்டு பில்லுக்கான கிரெடிட் நோட்டை 30 நவம்பர் 2026 வரைதான் சப்ளையர் தன் வரிக்கணக்கில் காட்டலாம். அதற்கு முன்பே அவர் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதோடு கதவு மூடிவிடும்.

அவங்க போடற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நாமளே டெபிட் நோட் போட்டுக் கழிச்சுடலாமே?

உங்கள் புத்தகத்தில் டெபிட் நோட் போட்டு 11,299.68-ஐ அவர் கணக்கில் கழிக்கலாம், எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கை மட்டுமே சரிசெய்யும். 1,723.68 ரூபாய் வரி குறைய வேண்டுமென்றால் சப்ளையர்தான் கிரெடிட் நோட் போட வேண்டும், ஜிஎஸ்டியில் வாங்குபவரின் டெபிட் நோட்டுக்கு அந்த வலு கிடையாது.

அதனால் டெபிட் நோட்டை மெயிலோடு இணைத்து, "இதற்கு ஈடான கிரெடிட் நோட் அனுப்பவும்" என்று எழுதுங்கள். மெயிலே இல்லாமல் டெபிட் நோட்டை மட்டும் கூரியரில் அனுப்பினால், பணம் குறைந்து வந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரியும், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பதில் வர்ற வரைக்கும் மொத்தப் பில்லையும் நிறுத்தி வெச்சா வழிக்கு வருவாங்கல்ல?

வருவார்கள், ஆனால் தப்பு உங்கள் பக்கம் மாறிவிடும். 1,03,311 ரூபாய்க்கு எந்தத் தகராறும் இல்லை, அதை நிறுத்த உங்களிடம் காரணமில்லை. குறு, சிறு உற்பத்தியாளரிடம் கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று முதல் கேள்வியில் சொன்ன அதே சட்டம் சொல்கிறது.

தகராறு இல்லாத தொகையைத் தேதி தவறாமல் அனுப்புங்கள். அனுப்பிய அன்று "பில் 472-க்கு ரூ. 1,03,311, மீதி 24-11-2025 மெயிலில் குறிப்பிட்ட வேறுபாடு" என்று அதே மெயில் தொடரில் ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் அவர்கள் அந்தப் பணத்தை வேறு பழைய பாக்கியில் வரவு வைத்துவிட, இரண்டு பக்கமும் கணக்கு சிக்கலாகும்.

"உங்க ஆளு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரே"ங்கறாங்க. என்ன பண்றது?

எந்த நகலில் என்று கேளுங்கள். டிசி மூன்று நகலாக வரும்: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று அனுப்பியவருக்கு. "1 பெட்டி குறைவு" என்பதை ஸ்டோர்காரர் உங்கள் நகலில் மட்டும் எழுதிவிட்டு, திருப்பி அனுப்பிய நகலில் வெறுமனே சீல் குத்திக் கொடுத்திருப்பார். அவர்கள் காகிதத்தில் 10 பெட்டி, சீல், கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருக்கும். குறிப்பை எல்லா நகலிலும் எழுத வேண்டும், திரும்பிப் போகிற நகலை அனுப்பும் முன் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள் நகலில் டிரைவர் கையெழுத்து இருந்தால் அதை அனுப்புங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் இனி அது உரிமைக் கோரிக்கையல்ல, வேண்டுகோள்தான், மெயிலின் தொனியும் அப்படியே மாற வேண்டும். இன்வார்டு நோட்டில் அன்றைய பதிவைக் காட்டி, "12ஆம் தேதி தங்கள் குடோன் இருப்பில் 48 மி.மீ. டேப் ஒரு பெட்டி அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். வண்டியில் ஏறாத பெட்டி அவர்கள் குடோனில்தான் இருக்கும். 72 மி.மீ. டேப்பின் 6,840 ரூபாய்க்கு இந்தக் கையெழுத்து எந்த விதத்திலும் தடையில்லை. அதற்கு மட்டும் முதலில் கிரெடிட் நோட் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் கம்மியா போட்டிருந்தா? சும்மா இருந்துடலாமா?

அதையும் எழுதுங்கள், இதே மெயில்தான், திசை மட்டும் மாறும். அவர்கள் வரியோடு டெபிட் நோட் போட்டுத் தருவார்கள். நல்லெண்ணத்தை விட்டுவிடுங்கள், உங்கள் ஸ்டாக்கில் பில் இல்லாத சரக்கு நிற்கும், வருடக் கடைசி இருப்புக் கணக்கில் அது இடிக்கும்.

2பியில முழு வரியும் வந்திருச்சு. முழுசா எடுத்துக்கலாமா?

கூடாது. வராத சரக்குக்கு உள்ளீட்டு வரி கிடையாது, சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் உருவாக்குகிற 2பி பட்டியலில் தெரிவதால் மட்டும் உரிமை வந்துவிடாது. பில்லில் வரி 17,483.04, வந்த சரக்குக்கு 15,759.36. கிரெடிட் நோட்டும் நவம்பர் தேதியிலேயே வந்து, அவர்கள் அதே மாத ஜிஎஸ்டிஆர் 1-இல் காட்டிவிட்டால், டிசம்பர் 14 வாக்கில் உருவாகிற 2பியில் பில்லும் கிரெடிட் நோட்டும் சேர்ந்தே வரும், கணக்கு தானாக நேராகிவிடும்.

தள்ளிப்போனால் இரண்டு வழி. சப்ளையர் பதிந்த பில்லை ஏற்கவோ நிறுத்தவோ ஜிஎஸ்டியில் இருக்கிற ஐஎம்எஸ் தளத்தில் பில்லை நிலுவையில் வைக்கலாம், ஆனால் அப்போது சரியான 15,759.36-உம் சேர்ந்து தள்ளிப்போகும். அல்லது பில்லை ஏற்று, அதிகமான 1,723.68-ஐ மட்டும் உங்கள் மாத வரிக்கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பியில் திருப்பிவிடலாம். இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது: பிறகு கிரெடிட் நோட் வரும்போது, கவனிக்காவிட்டால் அதே 1,723.68 இன்னொரு முறை குறையக்கூடும். முன்பே திருப்பிவிட்டதைக் குறித்து வைத்து, அந்த மாதம் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

இந்த மெயில் போட்டப்புறம்தான் தோணுச்சு, பழைய பில்லிலும் இதே தப்பு இருக்குமோ?

பெட்டிக்கு 72 என்ற பதிவு அவர்கள் சாஃப்ட்வேரில் இருந்தால் நிச்சயம் இருக்கும். ஆள் தவறாகப் பெருக்கியிருந்தால் ஒரு பில்லோடு நின்றிருக்கும். இந்த சப்ளையரிடம் 72 மி.மீ. டேப் வாங்கிய எல்லாப் பில்லையும் எடுத்து, ரோல் எண்ணிக்கையை டிசியின் பெட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 48 வந்தால் சரி, 72 வந்தால் தப்பு. அரை மணி நேர வேலை.

கிடைத்தால் 472-க்கான மெயில் தொடரில் சேர்க்காமல் தனி மெயில் போடுங்கள், பில்லுக்கு ஒரு வரியாக. பழசையும் புதுசையும் கலந்தால் 472-க்கான கிரெடிட் நோட்டும் நின்றுவிடும். போன நிதியாண்டுப் பில் இருந்தால் முன்பு சொன்ன நவம்பர் 30 கெடு அதற்கு ஒரு வருடம் முந்தியே வரும், அதை முதலில் தனியாகக் கேளுங்கள். கெடு தாண்டியதற்கு வரியில்லாத கிரெடிட் நோட்தான் கிடைக்கும்.

கிரெடிட் நோட் வந்திருச்சு. அப்படியே போட்டுடலாமா?

மூன்றை மட்டும் பாருங்கள். அசல் பில் எண் 472, தேதி 22-11-2025 அதில் இருக்கிறதா. இரண்டு வரியும் தனித்தனியாக, 120 ரோல், 72 ரோல் என்று வந்திருக்கிறதா, அல்லது "ரேட் வித்தியாசம்" என்று மொத்தமாகப் போட்டிருக்கிறார்களா. மொத்தமாகப் போட்டால் தொகை சரியாகும், உங்கள் ஸ்டாக்கில் 192 ரோல் அதிகமாகவே நிற்கும். மூன்றாவது, வரி 1,723.68 தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா.

பிறகு டேலியில் போட்டால் 1,14,611-இல் 1,03,311 கட்டியது போக 11,300 இருக்கும், கிரெடிட் நோட் 11,299.68. மீதி 32 காசு. அது பில்லையும் நம் கணக்கையும் தனித்தனியாக முழு ரூபாயாக்கியதால் வந்தது, ரவுண்ட் ஆஃபில் தள்ளிப் பில்லை மூடிவிடுங்கள். அதற்கு இன்னொரு மெயில் வேண்டாம்.